செயலி சிவப்பு காட்டினால் உங்கள் உச்சரிப்பு பிழையா?

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு அக்காவின் மகள் ஒரே வசனத்தை அரை மணித்தியாலமாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் அவளுக்கு ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் பரீட்சை. இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. கையில் போன், அதில் உச்சரிப்பைத் திருத்தித் தரும் ஒரு செயலி. ஒவ்வொரு தடவை வாசித்து முடித்ததும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு புள்ளி வரும். வசனத்தில் உள்ள சொற்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும்.

"சித்தி, முந்தி 72 வந்தது. இப்ப 64. வாசிக்க வாசிக்கக் குறையுது" என்றாள். முகம் வாடிப் போயிருந்தது.

திரையில் இருந்த வசனம் இது:

```
The fishing boats leave the harbour before five.
```

அவள் வாசித்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். 72 வந்தபோதும் 64 வந்தபோதும் அவளுடைய வாய் ஒரே மாதிரித்தான் வேலை செய்தது. மாறியது தலைக்கு மேலே இருந்த ஃபேன். முதல் தடவை வாசிக்கும்போது கரண்ட் இல்லை, ஃபேன் நின்றிருந்தது. பிறகு கரண்ட் வந்துவிட்டது.

இந்தப் புள்ளி எதை அளக்கிறது என்று தெரியாமல் அதை நம்பினாலும் கஷ்டம், ஒதுக்கினாலும் கஷ்டம். அதனால் முதலில் செயலிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அது அவ்வளவு சிக்கலானது இல்லை.

செயலி உங்களுக்கு ஒரு வசனத்தைத் தந்து வாசிக்கச் சொல்கிறது. ஆகவே நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று அதற்கு முன்பே தெரியும். நீங்கள் வாசித்ததும் அந்த ஒலிப்பதிவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. பொதுவாக விநாடியின் நூறில் ஒரு பங்குக்கு ஒரு துண்டு. மூன்று விநாடி வாசித்தால் ஏறத்தாழ முந்நூறு துண்டு வரும். பிறகு வசனத்தில் இருக்கவேண்டிய ஒலிகளை வரிசையாக அந்தத் துண்டுகளின் மேல் பொருத்திப் பார்க்கிறது: இதிலிருந்து இது வரை 'ஃப்', அடுத்த கொஞ்சம் 'இ', அதற்கு அடுத்தது 'ஷ்' என்று. பொருத்தி முடிந்ததும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி. இங்கே 'ஃப்' இருக்கவேண்டும். கேட்கிற சத்தம் 'ஃப்' உடன் நன்றாகப் பொருந்துகிறதா, இல்லை 'ப்' போன்ற வேறொன்றோடு இன்னும் நன்றாகப் பொருந்துகிறதா? வேறொன்று முந்திக்கொண்டால் அந்த இடம் சிவப்பாகிறது. எல்லா இடங்களின் கணக்கையும் சேர்த்து ஒரு எண்ணாக்கினால் அதுதான் மேலே பெரிதாகத் தெரியும் புள்ளி.

'ஃப்' எப்படி இருக்கும் என்று அது எங்கே படித்தது? வேறு ஆட்கள் பேசிய ஏராளமான ஒலிப்பதிவுகளில் இருந்து. அந்த ஆட்கள் எந்த நாட்டவர், எப்படிப்பட்ட ஆங்கிலம் பேசுபவர்கள் என்பதைப் பொறுத்து அதன் காது அமைகிறது. 2020இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐந்து பெரிய நிறுவனங்களின் குரலறியும் மென்பொருட்களுக்கு அமெரிக்கர்கள் பேசிய ஒலிப்பதிவுகளையே கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையர் பேசியதில் சராசரியாக நூறு சொல்லுக்கு 19 பிழை வந்தது. கறுப்பினத்தவர் பேசியதில் 35. இரு தரப்புக்கும் ஆங்கிலமே தாய்மொழி. அவர்களிலேயே இப்படி என்றால், திருகோணமலையில் இருந்து பேசுகிற பிள்ளையின் ஆங்கிலத்துக்குச் செயலி போடும் சிவப்பு எல்லாம் அந்தப் பிள்ளையின் பிழையாக இருக்க முடியாது. அதே நேரம் எல்லாமே செயலியின் பிழையும் இல்லை. ஒரு சிவப்பு உங்கள் வாயில் இருந்து வந்திருக்கலாம், அறையின் சத்தத்திலோ மைக்கிலோ இருந்து வந்திருக்கலாம், செயலி பழகிய ஆட்களின் பேச்சில் இருந்தும் வந்திருக்கலாம். எது எதனால் வந்தது என்று பிரித்தெடுப்பதுதான் நமக்குள்ள வேலை.

முதலில் அறையைச் சரிசெய்வோம், அதுதான் லேசு. 'ஃப்', 'ஸ்', 'ஹ்' போன்ற ஒலிகள் வெறும் காற்றின் சத்தம். கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள், அவற்றைச் சொல்லும்போது தொண்டை அதிராது. ஃபேன் சுற்றுவதும் காற்றின் சத்தம்தான். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று யன்னலை அடிக்கும்போது வருவதும் அதே வகைச் சத்தம். அதற்குள்ளே நலிந்த ஒரு 'ஹ்' வந்தால் செயலிக்கு அது தனியாகத் தெரியாது. போனிலேயே இருக்கும் இரைச்சல் நீக்கும் வசதி சில வேளைகளில் ஃபேன் சத்தத்தோடு சேர்த்து உங்கள் 'ஹ்' ஒலியையும் துடைத்துவிடும். அதோடு ப்ளூடூத் இயர்போன். பாட்டுக் கேட்க நன்றாக இருக்கும் இயர்போன்கூட மைக் வேலை செய்யத் தொடங்கியதும் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். உயர்ந்த சுருதிச் சத்தங்கள் வெட்டுப்படும். 'ஸ்' ஒலியின் உயிர் அந்த உயர்ந்த பகுதியில்தான் இருக்கிறது. பழைய தொலைபேசியில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னால் 'எஃப்' எது 'எஸ்' எது என்று மறுபக்கத்தில் திருப்பிக் கேட்பார்களே, அதற்கும் இதுதான் காரணம்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை, ஃபேனை நிப்பாட்டு. இயர்போனைக் கழற்று. போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில பிடி." பக்கவாட்டில் பிடிப்பதற்குக் காரணம், 'ப்', 'ஃப்' சொல்லும்போது வரும் மூச்சு நேரே மைக்கில் அடிக்காமல் இருப்பதுதான். பதிவுப் பொத்தானை அழுத்தியதும் உடனே தொடங்காமல் அரை விநாடி பொறுக்கவும் சொன்னேன். அவசரப்பட்டால் முதல் ஒலி வெட்டுப்பட்டு முதல் சொல் சும்மா சிவப்பாகும்.

அப்புறம் ஒரு கொப்பித் தாளை எடுத்து வசனத்தை எழுதி, அவளை ஐந்து தடவை வாசிக்க வைத்தேன். மேலே வரும் புள்ளியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எந்த இடம் சிவப்பு என்று மட்டும் அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டோம். ஒரு தடவை வந்த சிவப்புக்குப் பெரிதாக அர்த்தம் இல்லை. ஐந்தில் எத்தனை தடவை, எந்தெந்தச் சொல்லில், அந்தச் சொல்லின் எந்த மூலையில் என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

ஐந்து தடவை முடிந்ததும் தாளில் இருந்தது இது. 'போட்ஸ்' ஒரே ஒரு தடவை சிவப்பு. 'ஃபிஷிங்' என்பதன் முதல் ஒலி ஐந்து தடவையும் சிவப்பு. 'ஃபைவ்' என்பதன் முதல் ஒலி நான்கு தடவை. ஆனால் 'பிஃபோர்' என்ற சொல்லுக்கு நடுவில் உள்ள அதே 'ஃப்' ஒரு தடவைகூடச் சிவப்பாகவில்லை. 'லீவ்' என்பதன் கடைசி ஒலி மூன்று தடவை; அந்த மூன்று தடவையும் அதற்கு அடுத்து வந்த 'த'வும் கூடவே சிவப்பு. 'ஹார்பர்' என்பதன் கடைசி ஐந்து தடவையும் சிவப்பு.

'போட்ஸ்' ஒரு தடவைதான் வந்தது, அதை அப்படியே விட்டுவிட்டோம். அந்த நேரம் வாசலால் ஒரு ஆட்டோ போனது என்று நினைக்கிறேன்.

'ஃப்' விஷயத்தில் தாள் தெளிவாகவே பேசியது. சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ஃப்' மட்டும் சிவப்பு, நடுவில் வருவது பச்சை. நம்மில் பலருக்கு இப்படித்தான் நடக்கும். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் 'ப' வந்தால் இரண்டு உதட்டையும் நன்றாக மூடித் திறக்கிறோம்: பால், பனை. சொல்லின் நடுவே தனி 'ப' வரும்போது உதடு அவ்வளவு இறுக்கமாக மூடுவதில்லை: 'அபாயம்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அதனால் நடுவில் அவளுக்கு 'ஃப்' லேசாக வந்தது, தொடக்கத்தில் பழைய பழக்கம் உதட்டை மூடிவிட்டது. ஆக, அவளுக்கு இந்த ஒலி வராமல் இல்லை, ஓர் இடத்தில் மட்டும் தவறுகிறது. இப்படி இடத்தைக் குறுக்கிக்கொண்டால் பயிற்சியும் குறையும்.

'லீவ்' என்பதில் நடந்தது இன்னும் சுவையானது. நாங்கள் தினமும் "நாளைக்கு லீவு" என்றுதானே சொல்கிறோம். கடைசியில் ஒரு 'உ' ஒட்டிக்கொண்டே வரும். அவளும் 'லீவு த' என்றுதான் வாசித்திருந்தாள். ஆனால் 'நீ ஒரு உகரத்தைச் சேர்த்துவிட்டாய்' என்று செயலி சொல்லவில்லை. அதன் வரிசையில் 'உ' என்ற ஒலிக்கு இடமே இல்லையே. கேட்ட அந்தக் கூடுதல் சத்தத்தை எப்படியாவது முன்னால் உள்ளதிலோ பின்னால் உள்ளதிலோ திணிக்கப் பார்த்தது. இரண்டுமே சிவப்பாயின. அவளோ 'த' பிழை என்று நினைத்து, நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டி நீட்டி 'த'வைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு விழுந்த இடத்தில்தான் பிழை இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பக்கத்துச் சொற்கள் எப்போதும் சேர்ந்தே சிவப்பானால், அவற்றுக்கு இடையில் ஏதோ கூடியிருக்கிறது அல்லது விடுபட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். போனில் பதிவை மெதுவாக ஓடவிட்டுக் கேட்டபோது அந்த 'வு' அவளுக்கே கேட்டது.

'த' பற்றி ஒரு சின்ன விஷயம், இதைப் பலர் வீணாகக் கஷ்டப்பட்டுப் பழகுகிறார்கள். 'அது' என்று இயல்பாகச் சொல்லுங்கள். அங்கே 'த்' ஒலி மெதுவாக, காற்று உரசிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் 'த' என்ற சொல்லுக்கு வேண்டிய ஒலிக்கு அது மிகக் கிட்டியது. 'அ'வை மனதுக்குள் சொல்லி மிச்சத்தை வாயால் சொன்னால் போதும்.

இனி 'ஹார்பர்'. ஐந்துக்கு ஐந்து சிவப்பு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதுவும் 'ஃபிஷிங்' போலத் திருத்தவேண்டிய பிழைதான். ஆனால் எனக்குக் கேட்டவரை அவள் சொன்னதில் குறை இல்லை. செயலியில் இருந்த மாதிரிக் குரலை அழுத்திக் கேட்டோம். கடைசியில் நாக்கை நன்றாகச் சுருட்டி ஒரு 'ர்' வந்தது. அது அமெரிக்க ஆங்கிலம். பிரித்தானிய ஆங்கிலத்தில் அந்தக் கடைசி 'ர்' கேட்காது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். அமைப்புகளுக்குள் போய்ப் பிரித்தானிய ஆங்கிலம் என்று மாற்றினோம். அடுத்த தடவை 'ஹார்பர்' பச்சை. அவளுடைய வாயில் எதுவும் மாறவில்லை. எந்தச் செயலியை எடுத்தாலும் முதல் வேலையாக இந்த அமைப்பைத் தேடிப் பாருங்கள். மாற்ற வசதி இல்லாத செயலி என்றால், சொற்கடைசி 'ர்' பற்றி அது சொல்வதை விட்டுவிடுங்கள்.

இப்படி, திரும்பத் திரும்ப வரும் சிவப்பிலும் உண்மையானது எது, செயலியின் பழக்கத்தால் வந்தது எது என்று பிரிக்க இரண்டாவதாக ஒரு சாட்சி வேண்டும். போனின் விசைப்பலகையில் உள்ள குரல் தட்டச்சு அதற்கு உதவும். பேசினால் எழுத்தாகத் தருமே, அது. உச்சரிப்புச் செயலியைப் போல அல்லாமல், நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று இதற்குத் தெரியாது. கேட்டதை எழுதவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் முழு வசனம் சொல்லிச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். அவள் 'பிஷிங் போட்ஸ்' என்று சொன்னாலும் குரல் தட்டச்சு சரியாக எழுதியது. ஏனென்றால் அது சத்தத்தை மட்டும் வைத்து எழுதுவதில்லை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வரும் என்ற கணக்கும் அதனிடம் இருக்கிறது. 'போட்ஸ்' என்பதற்கு முன்னால் 'மீன்பிடி' வருவது சகஜம், அதனால் அதுவே திருத்திக்கொண்டது. பக்கத்துச் சொல்லின் உதவி கிடைக்காத தனிச் சொற்களைக் கொடுத்தால்தான் இந்த ஊகம் அடங்கும். நான் இந்த எட்டையும் எழுதிக் கொடுத்தேன்:

```
fan  pan  fast  past  fine  pine  fool  pool
```

வரிசையைக் கலைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மூச்சு விட்டு, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை சொல்லவைத்தேன். 'ஃப்' சொற்கள் எட்டு தடவை வந்தன. அவற்றில் ஐந்தை அது 'ப்' சொல்லாக எழுதியது. 'ப்' சொற்கள் எட்டில் ஒன்றுகூட 'ஃப்' ஆகவில்லை. இங்கே எத்தனை பிழை என்பதைவிட, பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். தனிச் சொற்களைக் கேட்கக் குரல் தட்டச்சு கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். வெறும் தடுமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும். எப்போதும் ஒரு பக்கமே சாய்ந்தால் அது பெரும்பாலும் வாயிலிருந்து வருகிறது.

மூன்றாவது சாட்சி அக்கா. குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கச் சொல்லி, மகள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதச் சொன்னோம். எட்டு 'ஃப்' சொற்களில் நான்கை அவளும் 'ப்' என்றுதான் எழுதினாள். இயந்திரமும் மனுசக் காதும் ஒன்றையே சொல்லிவிட்டன. இனிச் சந்தேகம் இல்லை. சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ஃப்' ஒன்று, 'லீவ்' போன்ற சொற்களின் கடைசியில் ஒட்டும் 'உ' இன்னொன்று. மூன்று கிழமைக்கு இந்த இரண்டு போதும் என்று முடிவெடுத்தோம்.

'ஃப்' திருத்துவது எப்படி என்று கேட்டாள். மேல்பல்லைக் கீழுதட்டின் உள்விளிம்பில் மெல்ல வைத்துக் காற்றை விடவேண்டும். உதடுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. சரியாக வருகிறதா என்று பார்க்கச் செயலியே வேண்டாம். 'ஃப்' ஒலியை மூன்று விநாடி இழுக்கலாம்: ஃஃஃஃ. 'ப்' ஒலியை இழுக்க முடியாது, உதடு திறந்ததும் முடிந்துவிடும். முதல் சில நாட்கள் 'ஃஃஃபைவ்', 'ஃஃஃபிஷிங்' என்று இழுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு குறைக்கச் சொன்னேன். 'லீவ்' சொல்லுக்கு வேறு வழி. கடைசி ஒலியை அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொன்னால் 'உ' நுழைய இடம் கிடைக்காது: 'லீவ்த' என்று ஒரே சொல்லாக.

நாலாம் நாள் ஒரு புதுப் பிரச்சினை. 'பீப்பிள்' என்ற சொல்லை 'ஃபீப்பிள்' என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். சிவப்புக்குப் பயந்து ஒரு ஒலியையே துரத்தினால் இப்படி அடுத்த வீட்டுக்கும் போய்விடும். அதனால்தான் அந்தச் சொற்பட்டியலில் 'ப்' சொற்களும் சரிபாதி இருக்கவேண்டும் என்கிறேன்.

அந்தக் கிழமையே இன்னொன்றும் நடந்தது. இதுதான் எனக்கு உண்மையில் கவலை தந்தது. ஒரு மாலை ஓடிவந்து "சித்தி, 81!" என்றாள். வாசித்துக் காட்டு என்றேன். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, இடையில் நிறுத்தி நிறுத்திப் பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதலுக்கு வாசிப்பதுபோல வாசித்தாள். சொற்களுக்கு இடையே இடைவெளி விட்டால் செயலிக்கு ஒலிகளைப் பொருத்துவது லேசு, அதனால் புள்ளி ஏறுகிறது. ஆனால் பரீட்சகர் முன்னால் அப்படிப் பேசினால் புள்ளி இறங்கும்.

ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். எதிரில் இருந்து கேட்டு மதிப்பிடுபவர் ஒரு மனிதர். அவர் நான்கு விடயங்களைச் சம அளவில் பார்க்கிறார்: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. ஆக உச்சரிப்பு காற்பங்கு. அந்தக் காற்பங்குக்குள்ளும் தனி ஒலிகள் ஒரு பகுதிதான். எந்தச் சொல்லை அழுத்துகிறீர்கள், எங்கே மூச்சு விடுகிறீர்கள், குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் அதற்குள்ளேயே வரும். எழுதிக் கொடுத்த வசனத்தை வாசிக்கச் சொல்லும் செயலிக்கு இவற்றில் பெரும்பகுதி தெரிவதில்லை. நமது ஊர்ச் சாயல் இருப்பதற்காகவும் பரீட்சையில் புள்ளி குறைக்கமாட்டார்கள். உயர்ந்த புள்ளிக்கான விவரிப்பிலும் சாயல் விளங்கிக்கொள்வதைக் குழப்பக் கூடாது என்றுதான் இருக்கிறது. ஆகவே செயலியில் 81 வந்தால் பரீட்சையில் 8 வரும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். பிடிஇ என்ற இன்னொரு ஆங்கிலப் பரீட்சையில் பெரும்பாலும் கணினிதான் மதிப்பிடுகிறது என்பது உண்மை. ஆனால் அது பரீட்சை நடத்துபவர்களுடைய கணினி. உங்கள் போனில் உள்ள செயலியின் எண் அங்கேயும் செல்லாது.

அதனால் இரண்டாவது கிழமையில் இருந்து முறையை மாற்றினோம். செயலிக்கு ஒரு நாளில் பத்து நிமிடம் மட்டும், அதுவும் இயல்பான வேகத்தில், ஒரே மூச்சில் வாசித்தால்தான் கணக்கு. மிச்ச நேரத்தில் பரீட்சையின் இரண்டாம் பகுதி போலப் பேசினாள். அட்டையில் ஒரு தலைப்பு, யோசிக்க ஒரு நிமிடம், பிறகு இரண்டு நிமிடம் வரை பேச்சு. 'தண்ணீருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் இடம்' என்று தலைப்புக் கொடுத்தேன், நிலாவெளியைப் பற்றிப் பேசினாள். பேசியதைப் போனில் பதிவுசெய்தோம். அதே நேரம் அக்காவின் போனில் குரல் தட்டச்சையும் ஓடவிட்டோம். பிறகு எழுத்தை வைத்துக்கொண்டு பதிவைக் கேட்டோம். எழுத்து குழம்பியிருந்த இடங்களில் மட்டும் நிறுத்தி, காது என்ன சொல்கிறது என்று பார்த்தோம்.

ஊர்ப்பெயர் வந்த இடத்தில் இப்படி இருந்தது:

```
Neela Valley
```

அவளுக்குத் திக்கென்றது. இதைத் திருத்தவே தேவையில்லை. இயந்திரம் தான் அதிகம் கேட்டிராத பெயரைத் தெரிந்த சொற்களாக்கிவிடும். கோணேஸ்வரம், கன்னியா, உப்புவெளி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆனால் பரீட்சகரும் அந்தப் பெயரைக் கேள்விப்படாதவராக இருக்கலாம். அதனால் பெயரைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிட்டு, 'திருகோணமலைக்கு வடக்கே உள்ள ஒரு கடற்கரை' என்று உடனே ஆங்கிலத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

குழம்பியிருந்த இன்னொரு இடம் உண்மையிலேயே அவளுடையது. மூச்சு வாங்காமல் மூன்று வசனத்தை ஓட்டி, கடைசிச் சொற்களை விழுங்கியிருந்தாள். அங்கே எழுத்தில் இரண்டு சொல் காணாமல் போயிருந்தது. பதிவில் எனக்கும் கேட்கவில்லை. ஒரு வசனம் முடிந்ததும் மூச்சு விடப் பழகியதும் அது சரியாகிவிட்டது. உச்சரிப்புச் செயலி இதை எந்த நாளும் காட்டியிருக்காது, ஏனென்றால் அது ஒரு வசனத்துக்கு மேல் கேட்பதே இல்லை.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தப் பழைய வசனத்தையே, ஃபேனை நிறுத்தி, இயர்போன் இல்லாமல், முதல் நாள் பிடித்த அதே தூரத்தில் பிடித்து ஐந்து தடவை வாசிக்க வைத்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். 'ஃபிஷிங்' ஐந்தில் இருந்து ஒன்றாகியிருந்தது. 'ஃபைவ்' ஒரு தடவையும் சிவப்பாகவில்லை. 'லீவ்' ஒரு தடவை வந்தது, ஆனால் பக்கத்தில் இருந்த 'த' பச்சையாகவே நின்றது. மேலே இருந்த மொத்தப் புள்ளி 76. முதல் நாளைவிட நான்குதான் கூட.

"நாலு புள்ளிதானா சித்தி?" என்றாள். நான் தாளைக் காட்டினேன். கோடுகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, செயலியை மூடிப் போனை அம்மாவிடம் கொடுத்தாள். மிச்சம் இருந்த இரண்டு நாளும் பின்னேரங்களில் கடற்கரையில் நடந்துகொண்டே என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தாள், அவ்வளவுதான்.